தமிழில் பரீட்சை எழுத அனுமதி: கடிதம் எங்கே பிழைக்கிறது?

நான் பல வருடம் ஒரு உயர்கல்வி நிறுவனத்தின் பரீட்சைக் கிளையில் எழுதுவினைஞராக இருந்தேன். ஓய்வு பெற்று களுவாஞ்சிகுடிக்கு வந்த பிறகும் "சேர், இந்தக் கடிதத்தை ஒருக்கா பாருங்கோ" என்று பிள்ளைகள் வருவது நிற்கவில்லை. அதில் அடிக்கடி வருவது ஆங்கிலத்தில் நடக்கும் பாடநெறியின் பரீட்சையைத் தமிழில் எழுத அனுமதி கேட்கும் கடிதம். அனுமதிக்கும் விதி இருந்தும் கடிதம் தள்ளுபடியாவதை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து நிறையப் பார்த்திருக்கிறேன். கடந்த முறை திருக்கோவிலிலிருந்து வந்த ஒரு மாணவியின் கதையை வைத்து இதைச் சொல்கிறேன். ஏனென்றால் விடக்கூடிய பிழைகளில் பாதியை அவ ஒரே கடிதத்தில் விட்டிருந்தா.

கணக்கீட்டு டிப்ளோமா, இரண்டாம் அரையாண்டு. பரீட்சை நவம்பர் 18ஆம் திகதி தொடங்குகிறது. செப்டெம்பர் மாதமே அவ கடிதம் கொடுத்துவிட்டா. மாத முடிவில் ஒற்றை வரியில் பதில் வந்தது: "தங்கள் கோரிக்கை ஏற்புடையதன்று." ஒக்டோபர் 2ஆம் திகதி அந்தப் பதிலோடு என்னிடம் வந்தா. முதல் கடிதம் இரண்டு பக்கம். அதன் நடுவில் தடித்த எழுத்தில் "அரசியலமைப்பின் 22(5) உறுப்புரையின்படி நான் விரும்பிய மொழியில் பரீட்சை எழுத எனக்கு உரிமை உண்டு" என்று இருந்தது.

இதுதான் முதற்பிழை. பலரும் விடுவதும் இதைத்தான். 22(5) மொழித் தெரிவு பற்றித்தான் பேசுகிறது, ஆனால் எந்தப் பரீட்சைக்கு? அரச சேவை, நீதிச் சேவை, மாகாண அரச சேவை, உள்ளூராட்சிச் சேவை, பொது நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு ஆட்களைச் சேர்க்கும் பரீட்சைகளுக்கு. அதாவது வேலைக்கான பரீட்சை. டிப்ளோமாப் பரீட்சை அதற்குள் வராது. கல்வி பற்றிய உறுப்புரை 21. அதைக் காட்டினாலும் கவனம் வேண்டும். தேசிய மொழி ஒன்றில் கல்வி பெறும் உரிமையை 21(1) தருகிறது. ஆனால் அதே பந்தியின் அடியில், தேசிய மொழியல்லாத மொழியில் கற்பிக்கும் உயர்கல்வி நிறுவனத்துக்கு அது பொருந்தாது என்ற காப்புவாசகமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் நடக்கும் நிறுவனத்திடம் 21(1)ஐக் காட்டினால், அந்த வாசகத்தை அவர்கள் திருப்பிக் காட்டுவார்கள்.

அப்போ எதைக் காட்டுவது? உங்கள் நிறுவனத்தின் சொந்த விதியை. பல்கலைக்கழகமென்றால் பரீட்சை ஒழுங்குவிதிகளும் துணைவிதிகளும் இருக்கும். மற்ற நிறுவனங்களில் பெரும்பாலும் மாணவர் கைநூலின் பரீட்சைப் பகுதியில் இருக்கும். பயிற்றுமொழியும் விடையளிக்கும் மொழியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எல்லா இடத்திலும் இல்லை. விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும், விடையைத் தமிழில் எழுதலாம். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் "எங்களுக்குத் தமிழில் படிப்பிக்கவில்லை" என்று கடிதத்தைத் தொடங்குகிறார்கள். அது வேறு முறைப்பாடு, வேறு மேசைக்குப் போக வேண்டியது.

"கைநூல் கொண்டுவந்தீங்களா மகள்?" என்றேன். பையிலேயே இருந்தது. 6.3ஆம் பிரிவு. அவவுடைய நிறுவனத்தில் அது இப்படி இருந்தது: பரீட்சார்த்தி சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் ஒன்றில் விடையளிக்கலாம். அதில் பென்சிலால் கோடு போட்டிருந்தா. அடுத்த மூன்று வசனங்களை அவ வாசிக்கவே இல்லை. பதிவின்போது தெரிவித்த மொழியை மாற்ற விரும்புபவர் பரீட்சை தொடங்க ஆறு வாரங்களுக்கு முன் துறைத்தலைவர் ஊடாக எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு வினாத்தாளுக்கு முழுவதும் ஒரே மொழியில் விடையளிக்க வேண்டும். ஆங்கில மொழிப் பாடத்துக்கு இவ்விதி பொருந்தாது.

விதியின் பாதியை மட்டும் காட்டினால் மீதிப் பாதியால் விழுத்துவார்கள். அவவின் முதல் கடிதம் விரிவுரையாளர் ஒருவரின் கையில் கொடுக்கப்பட்டது, துறைத்தலைவர் ஊடாக அல்ல. "எல்லாப் பாடங்களையும் தமிழில் எழுத அனுமதி தரவும்" என்று கேட்டதில் ஆங்கில மொழிப் பாடமும் சேர்ந்துவிட்டது. விதியில் இல்லாத ஒன்றைக் கேட்டவுடன் விதியில் இருப்பதும் சேர்ந்து தள்ளுபடியானது. இது நியாயமில்லைதான். ஆனால் அந்த மேசையில் நான் இருந்தபோதும் அப்படித்தான் நடந்தது.

நவம்பர் 18இலிருந்து ஆறு வாரம் பின்னுக்குப் போனால் ஒக்டோபர் 7. எங்களுக்கு ஐந்து நாள் இருந்தது. இந்த ஆறு வாரம் வீம்புக்குப் போட்டதல்ல. தமிழ் விடைத்தாளைத் திருத்த, தமிழ் வாசிக்கக்கூடிய முதலாம் பரீட்சகர் வேண்டும், இரண்டாம் பரீட்சகரும் வேண்டும். ஆட்களை நியமிக்கக் கூட்டம் கூட வேண்டும். கடைசி வாரத்தில் கேட்டால், மனம் இருந்தாலும் ஆள் இருக்காது. பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையாளரிடம் கேட்பது இன்னும் வீண், அவருக்கு அந்த அதிகாரமே இல்லை. "எழுதுங்கோ, பார்த்துக்கொள்ளலாம்" என்று விரிவுரையாளர் வாயால் சொன்னதை நம்பி எழுதி, பெறுபேறு நிறுத்தி வைக்கப்பட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

கடிதத்தை எந்த மொழியில் எழுதுவது என்று அவவுக்கு இன்னொரு குழப்பம். ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அரச நிறுவனமென்றால் தமிழிலேயே எழுதலாம். வடக்கு, கிழக்கில் தமிழ் நிருவாக மொழி. அம்பாறை நகரம் மாதிரி சிங்களத்தில் நிருவாகம் நடக்கும் இடத்திலும் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெற 22ஆம் உறுப்புரை இடம் தருகிறது. முதல் கடிதத்தில் பிழையான இடத்தில் காட்டிய அதே உறுப்புரை இங்கேதான் உதவுகிறது. தனியார் கல்லூரிக்கு இந்த வாதம் செல்லாது.

இரண்டாவது கடிதத்தை அரைப் பக்கத்தில் முடித்தோம். நடுப்பகுதி இது:

"மாணவர் கைநூலின் பரீட்சைப் பகுதி, பிரிவு 6.3இன்படி, நவம்பர் 18இல் ஆரம்பமாகும் இரண்டாம் அரையாண்டுப் பரீட்சையில் நிதிக் கணக்கீடு, கிரயக் கணக்கீடு, வணிகச் சட்டம் ஆகிய மூன்று வினாத்தாள்களுக்கும் முழுமையாகத் தமிழில் விடையளிக்க அனுமதி கோருகிறேன். பதிவின்போது ஆங்கிலம் எனத் தெரிவித்திருந்தேன். அதனை இம்மூன்று பாடங்களுக்கும் மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். குறித்த பக்கத்தின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது. முடிவை எழுத்தில் அறியத் தரவும்."

மேலே "துறைத்தலைவர் ஊடாக" என்ற வரி, கீழே பதிவிலக்கம், பாடக் குறியீடுகள். வீட்டுக் கஷ்டம், அப்பாவின் மீன்பிடித் தொழில், க.பொ.த. உயர்தரத்தைத் தமிழில் எழுதியது எல்லாவற்றையும் வெட்டினோம். விதி அவற்றைக் கேட்கவில்லை. கருணை கேட்டால் முடிவு கருணையைப் பொறுத்ததாகிவிடும். ஒக்டோபர் 6ஆம் திகதி துறைத்தலைவரின் அலுவலகத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கினா. அந்த முத்திரை இல்லாமல் ஆறு வாரக் கணக்கை நிரூபிக்க முடியாது.

கைநூலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய கைநூல் விதியாகாது. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் விதி 2020 டிசம்பரில் வர்த்தமானியில் வந்தது. 2023 மார்ச்சில் அது பாராளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் விண்ணப்பித்த ஒருவர் அக்கா வைத்திருந்த பழைய புத்தகத்தை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உங்கள் தொகுதிக்கு எந்த ஆண்டின் விதி பொருந்துகிறது என்று கேட்டு, அந்த ஆண்டைக் கடிதத்திலும் எழுதுங்கள். விதியைக் காட்ட மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். ஆறு வாரக் கெடு இருக்கும் இடத்தில் அந்த நாட்களையும் சேர்த்து எண்ணித்தான் தொடங்க வேண்டும்.

மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சும்மா இருந்து நாளைக் கடத்துவதுதான் பெரிய நட்டம். மொழியை வைத்துப் பாகுபாடு காட்டியதாகச் சொல்லி அரசியலமைப்பின் 12(2) உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போவதென்றால் ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கின்றன, கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை.

எங்கள் பிள்ளைக்கு அது தேவைப்படவில்லை. மூன்று பாடத்துக்கும் அனுமதி வந்தது. ஆனால் வினாத்தாள் ஆங்கிலத்தில்தான். விடையளிக்கும் மொழிக்கு அனுமதி கிடைத்ததும் வினாத்தாளும் தமிழில் வரும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். வினாத்தாள் மொழிபெயர்ப்பு வேறு வேலை. அது வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும், விதியில் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்கவும் வேண்டும்.

அப்புறம் கலைச்சொல். இணையத்தில் தேடிப் படித்த குறிப்புகளில் தமிழ்நாட்டுச் சொற்கள் கலந்துவிட்டிருந்தன. அங்கே தேய்மானம், எங்களுக்குப் பெறுமானத்தேய்வு. அங்கே இருப்புநிலைக் குறிப்பு, எங்களுக்கு ஐந்தொகை. அங்கே இருப்பாய்வு, எங்களுக்குப் பரீட்சை மீதி. திருத்துபவர் இலங்கைப் பாடசாலைக் கணக்கீட்டில் வளர்ந்தவர். "இருப்பாய்வு" என்ற தலைப்பைப் பார்த்து ஒரு நிமிடம் யோசிப்பார், அந்த ஒரு நிமிடம் உங்களுக்கு நல்லதல்ல. சந்தேகமான சொல்லுக்குப் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லை முதல் முறை மட்டும் அடைப்புக்குறிக்குள் எழுதலாமா என்று முன்கூட்டியே துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். பாதி விடை தமிழ், பாதி விடை ஆங்கிலம் என்று போனால் 6.3இன் மூன்றாம் வசனம் குறுக்கே நிற்கும்.

பரீட்சைக்கு முதல் நாள் மாலை அவ தொலைபேசியில் அழைத்தா.

"சேர், அனுமதிக் கடிதத்தைக் கொண்டுபோகவா?"

"பிரதியைக் கொண்டுபோங்க மகள், மூலத்தை வீட்டில வையுங்க. விடைத்தாள் முகப்பில மொழிமூலம் என்று ஒரு பெட்டி இருக்கும். அதில தமிழ் என்று எழுதிப்போட்டுத்தான் முதலாவது கேள்விக்குப் போகணும்."

அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் கிளையில் கட்டுப் பிரிப்போம். வெறுமையாக விட்ட தாள் ஆங்கிலக் கட்டுக்குள் போகும். தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருவரின் மேசையில் இரண்டு கிழமை கிடந்து, பிறகுதான் திரும்பி வரும்.