கடையின் முதல் பேஸ்புக் பதிவு: ஒரு சைக்கிள் கடையில் திருத்தி எழுதிய கதை

கடைக்கு ஒரு பேஸ்புக் பேஜ் ஆரம்பித்ததும் பெரும்பாலானவர்கள் எழுதும் முதல் பதிவு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். வரவேற்பு, தரம், நியாயமான விலை, "ஒருமுறை வந்து பாருங்கள்." தெரிந்தவர்கள் லைக் போடுவார்கள். தெரியாதவர் யாரும் அதைப் படித்துவிட்டுக் கடைக்கு வர மாட்டார். அந்தப் பதிவில் எங்கே கோளாறு, அதை எப்படிச் சரிசெய்வது என்பதை ஒரு சைக்கிள் கடைக்காரர், அவருடைய மகள் கதையை வைத்துச் சொல்கிறேன்.

அப்பா சைக்கிள் விற்பவர், பழுதும் பார்ப்பவர். கடைக்கு வருபவர்களிடம் நாள் முழுக்கப் பேசுவார், ஆனால் போனில் நாலு வரி டைப் அடிக்கச் சொன்னால் திணறுவார். மகளுக்கு நேர்மாறான குணம். வாடிக்கையாளர் யாராவது வந்தால் கடையின் உள்பக்கம் போய்விடுவாள். எழுதுவதற்கு யாரிடமும் பேச வேண்டியதில்லையே என்றுதான் பேஜ் வேலையை ஒப்புக்கொண்டாள். அவள் எழுதிய முதல் வரைவு இது:

"அன்பார்ந்த வாடிக்கையாளர்களே! தங்களின் பேராதரவுடன் எமது நிறுவனம் முகநூலிலும் தடம் பதிக்கிறது. அனைத்து வகை சைக்கிள்களும் உதிரி பாகங்களும் நியாயமான விலையில் கிடைக்கும். வருக! வருக! இந்தப் பதிவை லைக் செய்து, ஐந்து நண்பர்களை டேக் செய்யுங்கள்!"

முதல் தவறு இங்கேயே இருக்கிறது. கூச்சப்படுகிறவர்கள் எழுத உட்கார்ந்தால் பெரும்பாலும் இந்த நடையில்தான் போய் ஒளிந்துகொள்வார்கள். இது யாருடைய பேச்சும் இல்லை, அதனால் யாரும் குறை சொல்லவும் முடியாது. சோதித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. அந்த வரைவில் 'சைக்கிள்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'செருப்பு' என்று போட்டுப் பாருங்கள். வேறெதையும் மாற்றாமலேயே பதிவு பொருந்தினால், அந்தக் கடையைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை என்று அர்த்தம்.

அப்பாவுக்கும் அது பிடிக்கவில்லை, ஆனால் அவர் சொன்ன திருத்தம் இன்னொரு தவறு. "டயர், டியூப் எல்லாம் இருக்குன்னு போடும்மா. பிரேக் கட்டை மாத்துறது, வீல் பெண்ட் எடுக்கிறது, பழைய சைக்கிள் வாங்குறது, அதையும் சேர்த்துக்கோ." மகள் எல்லாவற்றையும் ஒரு போஸ்டர் படத்துக்குள் அடைத்தாள், முகவரியும் போன் நம்பரும் சேர்த்து. போன் திரையில் அந்த எழுத்து எறும்பு அளவுக்குத் தெரிந்தது. படத்துக்குள் இருக்கும் நம்பரைத் தொட்டு அழைக்கவும் முடியாது. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளும் போஸ்டரை ஒழுங்காகப் படிக்கும் என்று நம்ப முடியாது. முகவரி, நேரம், நம்பர் மூன்றும் பேஜின் அறிமுகப் பகுதியில் இருக்க வேண்டியவை. அங்கே ஒருமுறை நிரப்பிவிட்டால் பதிவின் சுமை பாதி குறைந்துவிடும்.

அப்போ பதிவில் என்னதான் எழுதுவது? அதற்கான விஷயம் கடையிலேயே கிடைத்தது. ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து, "சீக்கிரம் வளர்ந்துடுவான், கொஞ்சம் பெரிய சைக்கிளாவே கொடுங்க" என்றார். உள்ளே இருந்த மகளுக்கு அப்பா பேசியது முழுவதும் கேட்டது. "சார், சீட்டைக் கடைசி வரை இறக்கிட்டேன். இப்பவும் பையனுக்கு நுனிக்கால்தான் தொடுது. பிரேக் பிடிச்சு நிப்பாட்டினா சாய்ஞ்சுடுவான். ரெண்டு தடவை விழுந்தான்னா அப்புறம் சைக்கிளைத் தொடவே மாட்டான். கைப்பிடியில பிரேக் எட்டுதான்னும் பாருங்க, விரல் முழுசா சுத்தலை." வந்தவர் சின்ன சைக்கிளையே வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்குச் சாயங்காலம் மகள் அந்தப் பேச்சை ஞாபகத்திலிருந்து அப்படியே எழுதிவைத்தாள்.

முதல் பதிவுக்கு விஷயம் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். கடைக்காரர் திரும்பத் திரும்பப் பதில் சொல்லும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றே ஒன்றை. கடை எத்தனை வருடமாக இருக்கிறது, என்னென்ன விற்கிறது என்பதைவிட, இந்த ஆளுக்குத் தன் தொழில் தெரியும் என்பதை அந்தப் பதில் நன்றாகக் காட்டிவிடும்.

ஆனால் கடையில் பேசுவதை அப்படியே எழுத்தில் வைத்தால் போதாது. இதில்தான் அப்பாவும் மகளும் அதிக நேரம் சிக்கினார்கள். "ஆறு வயசுன்னா பதினாறு இன்ச்சு, எட்டு வயசுன்னா இருபதுன்னு போட்டுடு" என்றார் அப்பா. மகள் கேட்டாள்: "அன்னைக்கு அந்தப் பையனுக்கு எட்டு வயசுதானேப்பா? நீங்க இருபது கொடுக்கலையே?" அப்பாவிடம் உடனே பதில் இல்லை. கடையில் அவர் வயதைக் கேட்டாலும், முடிவு செய்வது எதிரே நிற்கும் பிள்ளையின் காலைப் பார்த்துத்தான். அந்தப் பார்வை தன் பேச்சில் இல்லை என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பதிவைப் படிப்பவருக்கு எதிரே கடைக்காரர் இல்லை, அதனால் கண் செய்யும் வேலையை அவர் கையில் ஓர் அளவாகக் கொடுத்தாக வேண்டும்.

வயதை மட்டும் வைத்துச் சொல்வது ஏன் ஆபத்து என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 16, 20 என்பதெல்லாம் சக்கரத்தின் விட்டம், இன்ச் கணக்கில். சைக்கிளின் உயரம் அதில் இல்லை. ஒரே 20 இன்ச் சக்கரம் போட்ட இரண்டு சைக்கிள்களில் ஒன்றின் சீட் மற்றதைவிட நன்றாகவே உயரமாக இருக்கலாம். எனவே பார்க்க வேண்டியது பிள்ளையின் கால் அளவையும் சீட்டின் உயரத்தையும்தான். கடைசியில் பதிவு இப்படி வந்தது:

"'வளர்ந்துடுவான், பெரிய சைக்கிளாவே கொடுங்க' என்று கேட்கப் போகிறீர்களா? அதற்கு முன் வீட்டில் ஓர் அளவு எடுங்கள். பிள்ளையை ஷூ போட்டுச் சுவரை ஒட்டி நிற்க வையுங்கள். கால்களுக்கு நடுவே ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை வைத்து, மேலே இடிக்கும்வரை உயர்த்துங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சீட்டை முழுக்க இறக்கிவைத்தால் அதன் உயரம் இந்த அளவைத் தாண்டக் கூடாது. அப்போதுதான் இரண்டு பாதமும் தரையில் படியும். பிரேக்கை விரல்கள் நன்றாகச் சுற்றிப் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். அளவை எடுத்துவிட்டு வாருங்கள், உட்காரவைத்துப் பார்த்தே வாங்கலாம்."

முதல் வரியைக் கவனியுங்கள். நீளமான பதிவென்றால் போனில் முதல் சில வரிகள் மட்டும் தெரியும், மீதியைப் படிக்கத் தட்டிப் பார்க்க வேண்டும். "அன்பார்ந்த வாடிக்கையாளர்களே" அந்த இடத்தைத் தின்றிருக்கும். இங்கே படிப்பவர் தன் வாயில் வரும் வாக்கியத்தையே முதல் வரியில் பார்க்கிறார்.

டேக் செய்யச் சொன்ன வரியை எடுத்துவிட்டார்கள். லைக் போடு, ஷேர் பண்ணு, நண்பரை டேக் பண்ணு என்று கெஞ்சும் பதிவுகளைப் பின்னுக்குத் தள்ளுவதாக பேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. "உங்கள் டைம்லைனில் ஷேர் செய்தால் பரிசுக் குலுக்கலில் சேரலாம்" என்று போட்டி வைப்பதும் அவர்கள் விதிப்படி கூடாது. புதிய பேஜ் இதைச் செய்தால் கிடைக்கிற கொஞ்சப் பார்வையையும் கெடுத்துக்கொள்ளும்.

படத்துக்கு மகள் முதலில் எடுத்து வைத்திருந்தது இணையத்தில் கிடைத்த பளபளப்பான சைக்கிள் படம். அது வேறொருவருடையது, கேட்காமல் எடுக்கக் கூடாது. தவிர, அந்த மாடல் கடையில் இல்லை. அதைப் பார்த்து வருபவரிடம் "அது சும்மா படத்துக்குப் போட்டது" என்று சொல்ல வேண்டிவரும். அப்பாவுக்கு, அன்று சைக்கிள் வாங்கிய பையனின் போட்டோவைப் போடலாம் என்று ஆசை. பெற்றோரைக் கேட்காமல் பிள்ளைகள் படத்தைப் பொதுவில் போடக் கூடாது என்று மகள் மறுத்துவிட்டாள், அது மிகச் சரி. கடைசியில் அப்பா தரையிலிருந்து சீட் வரை டேப் பிடித்து அளப்பதை, வாசல் வெளிச்சம் சைக்கிள்மேல் விழும்படி நின்று எடுத்தார்கள். முகம் தெரிய வேண்டாம் என்றார் அப்பா. கையும் டேப்பும் சீட்டும் மட்டும்தான் படத்தில் இருந்தன, பதிவுக்கும் அதுவே தேவை.

பதிவு போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் அடுத்த தவறு, கூச்சம் அதிகமாகத் தொல்லை கொடுப்பதும் அங்கேதான். கமெண்டில் ஒருவர் எழுதினார்: "என் பெண் ஒரு வருஷமா ஓட்டுறா. நீங்க சொல்ற அளவுல சீட் வெச்சா முட்டி மடங்கி வலிக்குதுங்கிறா." மகளுக்குப் பதிவையே அழித்துவிடலாம் போல இருந்தது. அழித்திருந்தால் அதற்குக் கீழே இருந்த மற்ற கேள்விகளும் சேர்ந்து போயிருக்கும். அப்பாவிடம் காட்டினாள். அவர் படித்துவிட்டு, "அவர் சொல்றது சரிதானே. நாம பழகுற பிள்ளைக்குத்தான் எழுதினோம், அதைச் சொல்லாம விட்டுட்டோம்" என்றார்.

மகள் பதிவில் 'புதிதாகப் பழகும் பிள்ளைக்கு' என்று சேர்த்தாள். கமெண்டுக்கு அப்பா சொல்லச் சொல்ல எழுதினாள்: "நீங்கள் சொன்னது சரி, பதிவைத் திருத்திவிட்டோம். நன்றாக ஓட்டத் தெரிந்த பிள்ளைக்கு சீட் அந்த அளவைவிட இரண்டு மூன்று இன்ச் மேலே இருக்கலாம். நிற்கும்போது முன்பாதம் தரையைத் தொட்டால் போதும்." இப்படி எல்லோரும் பார்க்கும்படி பதில் சொல்ல முடிகிற கேள்விக்கு "இன்பாக்ஸ் வாங்க" என்று எழுதக் கூடாது. அதே சந்தேகம் உள்ள அடுத்தவருக்கு அந்தப் பதில் கிடைக்காமல் போய்விடும்.

இப்போது இருவரும் வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். மகள் கடையின் உள்பக்கம் உட்கார்ந்தபடியே, வருபவர்கள் கேட்பதை ஒரு நோட்டில் குறிக்கிறாள். அப்பா சொல்லும் பதிலில் "அது பார்த்தாலே தெரியும்" என்று வரும் இடத்திலெல்லாம் நிறுத்தி, எதைப் பார்த்தால் தெரியும் என்று கேட்கிறாள். அப்பாவும் எரிச்சல்படாமல் யோசித்துச் சொல்லப் பழகிவிட்டார். இரண்டாவது பதிவு கமெண்டிலேயே கிடைத்தது: பிள்ளை வளர வளர சீட்டை எவ்வளவு தூரம் உயர்த்தலாம்? சீட்டைத் தாங்கும் குழாயில் ஒரு கோடு போட்டிருக்கும், அது வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தினால் குழாய் வளையவோ உடையவோ கூடும். அதற்கான படத்துக்கு, அந்தக் கோட்டின்மேல் அப்பாவின் விரல் இருக்க வேண்டும் என்று மகள் சொல்லிவைத்திருக்கிறாள்.