இரவுப் பால்புட்டியை நிறுத்தும்போது நேரும் தவறுகள்

ஒரு வயதைக் கடந்து, எடை சீராகக் கூடிவரும் குழந்தைக்குப் பொதுவாக நள்ளிரவுப் பால் பசிக்காகத் தேவைப்படுவதில்லை. உறக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடுவதால், புட்டியைச் சப்பியபடியே உறங்கும் குழந்தையின் மேல் முன்பற்களில் பால் கழுவப்படாமல் தங்குகிறது. அதிலுள்ள சர்க்கரையைக் கிருமிகள் அமிலமாக்க, பல் அரிக்கத் தொடங்குகிறது. கீழ் முன்பற்களை நாக்கு மறைத்துக்கொள்வதால், சேதம் பெரும்பாலும் மேலேதான் முதலில் தெரியும்.

பலரும் செய்யும் முதல் தவறு, எல்லாவற்றையும் ஒரே இரவில் நிறுத்த முயல்வது. இருபது மாதக் குழந்தையொன்று படுக்கையில் 180 மி.லி. பாலும், இரவு இரண்டு மணிக்கு 120 மி.லி. பாலும் குடிப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் நான்கு நாள்கள் படுக்கைநேரப் பாலை மட்டும் மாற்ற வேண்டும்: உறங்குவதற்கு அரைமணி நேரம் முன்பாக, படுக்கையறைக்கு வெளியே, உட்காரவைத்துக் கோப்பையில் கொடுத்து, அதன்பின் அரிசிமணியளவு ஃபுளோரைடு பற்பசையால் பல் துலக்கிவிட்டு, கதை சொல்லிப் படுக்கவைக்க வேண்டும். துலக்கிய பிறகு "ஒரு வாய்தானே" என்று மீண்டும் பால் கொடுத்தால் துலக்கியதன் பயன் போய்விடும். ஐந்தாம் இரவிலிருந்து இரண்டு மணிப் பாலை இரண்டு இரவுகளுக்கு ஒருமுறை 30 மி.லி. குறைத்து, 90, பிறகு 60 எனக் கொண்டுவந்து, ஒன்பதாம் இரவில் நிறுத்திவிடலாம்.

உறக்கத்தை உண்மையில் குலைக்கும் தவறு அந்த ஒன்பதாம் இரவில்தான் நேர்கிறது. நாற்பது நிமிட அழுகைக்குப் பின் மனம் பொறுக்காமல் புட்டியை நீட்டினால், நாற்பது நிமிடம் அழுதால் பால் வரும் என்றே குழந்தை கற்றுக்கொள்ளும். மறுநாள் அழுகை நீளும். குழந்தையைத் தனியே விட்டுவிட வேண்டும் என்பதல்ல இதன் பொருள்: அருகில் அமர்ந்து தட்டிக்கொடுக்கலாம், தாகமென்றால் கோப்பையில் தண்ணீர் தரலாம், ஆனால் புட்டி மட்டும் கூடாது. அந்த உறுதி தாய்க்கும் தந்தைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். காய்ச்சல், பயணம், புதிய தம்பி தங்கையின் வரவு போன்ற நாள்களில் இதைத் தொடங்காதீர்கள்.

பாலுக்குப் பதில் பழச்சாறு கொடுப்பதும் பல்லுக்குக் கேடே. பாலில் தண்ணீர் கலந்து நீர்த்துக்கொண்டே போவதும் ஒரு வழிதான்; ஆனால் பாதியில் நின்றுவிட்டால், சர்க்கரையும் சப்பும் பழக்கமும் அப்படியே தொடரும். எடை குறைந்த குழந்தையானால் குழந்தைநல மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்குங்கள்.

வாரம் ஒருமுறை வெளிச்சத்தில் மேலுதட்டைத் தூக்கி, சுத்தமான துணியால் பற்களைத் துடைத்து ஈறோரத்தைப் பாருங்கள். அங்கே சுண்ணாம்பு பூசியதுபோன்ற வெள்ளைக் கோடு தெரிந்தால், அது இன்னும் குழி விழாத அரிப்பு. அந்த நிலையிலேயே பல் மருத்துவரிடம் காட்டினால், ஃபுளோரைடு பூச்சால் அதைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு உண்டு. பழுப்பு நிறமோ குழியோ தெரிந்தால் நாள் கடத்தக் கூடாது.