அலுவலக வேலையை விட்டு ஆசிரியர் பயிற்சிக்கு: சுயவிளக்கக் கடிதம் எழுதுவது எப்படி?

மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் சேர்க்கைக்கு இந்தக் கடிதம் தேவைப்படாது. தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்புக்கு ‘ஏன் சேர விரும்புகிறீர்கள்?’ என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லும் நிறுவனங்களுக்குத்தான் இது.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் பொருள் நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள் கணக்கராக இருந்த ஒருவர் விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: ‘சிறு வயது முதலே ஆசிரியராக வேண்டும் என்பது என் கனவு.’ படிப்பவருக்கு உடனே ஒரு கேள்வி எழும்: அப்படியானால் இந்த ஆறு ஆண்டுகள் எதற்கு? அதற்குக் கடிதத்தில் பதில் இல்லாவிட்டால் மீதியைச் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

முதல் படி: எழுதுவதற்கு முன் ஒரு தாளை இரண்டாக மடியுங்கள். இடப்பக்கம், அலுவலகத்தில் யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுத்த தருணங்கள். வலப்பக்கம், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள குழந்தையோடு உட்கார்ந்து படித்த தருணங்கள். வலப்பக்கம் காலியாக இருந்தால் கடிதத்தைத் தள்ளிவையுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நான்கு வாரம் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு எழுதலாம்.

இரண்டாம் படி: ஒரே ஒரு தருணத்தை எடுத்து விரித்து எழுதுங்கள். கடிதத்தில் பாதி இடம் இதற்கே போகட்டும். ‘பொறுமையாகக் கற்பிப்பேன்’ என்பதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்:

‘மூன்றாம் வகுப்புச் சிறுமி 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதினாள். முதலில் கவனக்குறைவு என்று நினைத்தேன். அடுத்த கணக்கிலும் அதே மாதிரி வந்தது. 2-இலிருந்து 7 போகாததால் 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறாள். ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்தேன். ஒரு கட்டைத் தானே அவிழ்த்து, 12 குச்சியிலிருந்து 7-ஐ எடுத்தாள். 25 வந்தது.’

இதில் தவறு இன்னது, அதன் காரணம் இன்னது, மாற்றியது இன்னது என மூன்றும் தெரிகின்றன. தேர்வுக்குழு தேடுவதும் இதைத்தான்.

மூன்றாம் படி: வேலையை விடும் காரணம். மூன்று வரி போதும். சம்பளக் குறை, மேலாளர் தொல்லை எதுவும் வேண்டாம். ஓடிவருகிறார் என்றே தோன்றும். ‘புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு டேலி சொல்லிக்கொடுத்த நாட்களில்தான் வேலை பிடித்திருந்தது’ என்பது நேர்மையான காரணம். படிக்கும் இரண்டு ஆண்டுகள் வருமானமில்லாமல் எப்படிச் சமாளிப்பீர்கள் என்பதையும் ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். கேட்காவிட்டாலும் அவர்கள் மனத்தில் இருக்கும் கேள்வி அது.

ஊரைச் சொல்வது அலங்காரத்துக்காக வேண்டாம். ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ வீட்டில் உருது பேசும் பிள்ளைகள் உண்டு. உங்களுக்கு அந்த மொழி தெரிந்தால் மட்டும் அந்த ஊரைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

கடைசியாக, நேர்காணலில் கடிதத்தை வைத்தே கேட்பார்கள். ‘எங்கே, 52-ல் 27-ஐக் குச்சி வைத்துக் கழித்துக் காட்டுங்கள்’ என்றால் உடனே செய்துகாட்ட, ஐந்து கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் பையில் இருக்கட்டும்.