பேஜுக்கு வரும் காப்பிரைட் மிரட்டல்: எந்த இடத்தில் ஏமாறுகிறோம்

"உங்கள் பக்கம் பதிப்புரிமை விதியை மீறியுள்ளது. 24 மணி நேரத்துக்குள் மேல்முறையீடு செய்யாவிட்டால் நிரந்தரமாக முடக்கப்படும்." ஃபேஸ்புக்கில் பேஜ் வைத்திருக்கிற யாருக்கும் இப்படி ஒன்று இந்நேரம் வந்திருக்கும். மெசஞ்சரில் வரும், மெயிலில் வரும், இல்லையென்றால் யாரோ உங்கள் பேஜைக் குறிப்பிட்டுப் போட்ட பதிவாக மணி அடையாளத்தில் வந்து நிற்கும். கீழே ஒரு லிங்க் இருக்கும். அதில் போய் விவரம் கொடுத்தவர்களின் பேஜ் பெரும்பாலும் அன்றைக்கே கைமாறிவிடுகிறது.

கடலூர் முதுநகரில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் மீன் பேஜ் நடத்துகிறார். காலையில் துறைமுகத்துக்கு என்ன மீன் வந்திருக்கிறது, வஞ்சிரம் என்ன விலை, சங்கரா என்ன விலை என்று வீடியோ போடுவார், அதைப் பார்த்துவிட்டு மஞ்சக்குப்பத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஆர்டர் வரும். அந்த பேஜ்தான் அவருக்குக் கடை. அதைப் பறிகொடுத்துவிட்டு வந்து சொன்னார்: "அண்ணே, நான் சினிமாப் பாட்டு போட்டது உண்மைதானே, அதான் நம்பிட்டேன்."

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. நம் ஊரில் பேஜ் நடத்துபவர்களில் பாதிப் பேராவது வீடியோவுக்குப் பின்னால் சினிமாப் பாட்டு ஓட விட்டிருப்பார்கள், யாரோ எடுத்த வெள்ளி கடற்கரைப் படத்தைப் போட்டிருப்பார்கள். அதனால் "காப்பிரைட்" என்ற சொல்லைப் பார்த்ததும் நாம் செய்தது பிடிபட்டுவிட்டது என்று மனம் உடனே ஒத்துக்கொள்கிறது. அனுப்புகிறவனுக்கு உங்கள் வீடியோ எதுவும் தெரியாது, ஒரே வரியை ஆயிரம் பேஜுக்கு அனுப்பியிருப்பான். எந்த வீடியோ, எந்தப் பாட்டு, யாருடைய உரிமை என்று அந்தச் செய்தியில் ஒரு சொல்கூட இருக்காது, படித்துப் பாருங்கள்.

உண்மையான காப்பிரைட் புகார் வேறு மாதிரி வரும். பாட்டு பிடிபட்டால் அந்த வீடியோவில் அந்த இடத்தில் சத்தம் அணைந்திருக்கும், அல்லது சில நாடுகளில் வீடியோ தெரியாது, அல்லது வீடியோவே நீக்கப்பட்டிருக்கும். எந்த வீடியோ என்று அறிவிப்பிலேயே தெரியும். உரிமையாளர் நேரடியாகப் புகார் கொடுத்து நீக்கியிருந்தால், புகார் கொடுத்தவர் யார், அவரை எப்படித் தொடர்பு கொள்வது, புகார் எண் என்ன என்பதெல்லாம் அதில் வரும். மறுப்பு தெரிவிக்கும் பட்டனும் அந்த அறிவிப்புக்குள்ளேயே இருக்கும். அதை அழுத்தினால் பாஸ்வேர்டு கேட்கும் புதுத் தளம் எதற்கும் உங்களைக் கொண்டுபோகாது.

இரண்டாவது தவறுதான் பெரியது, கவனமானவர்களே அதிகம் செய்வதும் அதுதான். வந்த செய்தியையே திருப்பித் திருப்பிப் பார்த்து அது அசலா போலியா என்று முடிவு செய்யப் பார்க்கிறார்கள். எழுத்துப்பிழை இருக்கிறதா, லோகோ சரியாக இருக்கிறதா, லிங்க்கில் பூட்டுப் படம் தெரிகிறதா, அனுப்பியவர் முகவரி என்ன. ஒரு காலத்தில் இதெல்லாம் உதவியது, இப்போது இதில் எதையும் நம்ப முடியாது. பூட்டுப் படம் இலவசமாகத் தளம் அமைத்துத் தரும் எந்தச் சேவையிலும் தானாகவே வந்துவிடும். போலிப் படிவங்கள் பல `vercel.app`, `netlify.app`, `sites.google.com` போன்ற முகவரிகளில்தான் உட்கார்ந்திருக்கின்றன. பூட்டு இருப்பதால் நீங்கள் அனுப்புவதை வழியில் யாரும் படிக்க முடியாது, அவ்வளவுதான். போய்ச் சேரும் இடத்தில் திருடன் இருந்தால் அவனுக்குப் பத்திரமாகப் போய்ச் சேரும்.

அனுப்பியவர் முகவரி விஷயம் இன்னும் மோசம். ஃபேஸ்புக்கின் மெயில்கள் `facebookmail.com`, `metamail.com` போன்ற முகவரிகளிலிருந்து வரும் என்பது சரிதான், ஆனால் அங்கிருந்து வந்தாலே நம்பலாம் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. தொழில் கணக்குகள் ஒன்றையொன்று கூட்டாளியாகச் சேர்க்கும் வசதி ஃபேஸ்புக்கில் இருக்கிறது. திருடன் ஒரு தொழில் கணக்கு தொடங்கி, அதன் பெயர் எழுதும் இடத்தில் எச்சரிக்கை வாசகத்தையே எழுதி, உங்களுக்குக் கூட்டாளி அழைப்பு அனுப்புவான். அந்த அழைப்பை மெயிலாக அனுப்புவது ஃபேஸ்புக்கேதான். ஆக முகவரி அசல், உள்ளே இருக்கும் சேதி திருடனுடையது. மணி அடையாளத்தில் வரும் அறிவிப்பும் இப்படித்தான், அறிவிப்பைக் காட்டுவது ஃபேஸ்புக், பதிவை எழுதியது எவனோ ஒருவன். "சப்போர்ட்", "காப்பிரைட் சென்டர்" என்று பெயர் வைத்த அந்த பேஜின் உள்ளே போய் Page transparency என்ற பகுதியைத் திறந்தால், அது எப்போது தொடங்கப்பட்டது, முன்பு என்ன பெயரில் இருந்தது என்பதெல்லாம் தெரியும். நேற்றுவரை வேறு ஏதோ கடையின் பேஜாக இருந்திருக்கும், அதுவும் இப்படித் திருடப்பட்டதாகவே இருக்கலாம்.

அதனால் செய்தியை ஆராய்வதை விட்டுவிடுங்கள். அதில் உள்ள எதையும் தொடாமல் மூடிவிட்டு, நீங்களாக ஆப்பைத் திறந்து உங்கள் பேஜின் நிலையைப் பாருங்கள். பேஜாக மாறிக்கொண்டு Professional dashboard உள்ளே போனால் Page status இருக்கும், மீறல் ஏதாவது இருந்தால் அங்கே பதிவாகியிருக்கும். அடுத்து மெனுவில் Help & support பகுதியில் Support Inbox இருக்கிறது, பிரவுசரில் `facebook.com/support` என்று நீங்களே தட்டினாலும் அதற்குத்தான் போகும். வந்தது மெயில் என்றால் Accounts Center உள்ளே Password and security, அதற்குள் Recent emails என்று போங்கள். ஃபேஸ்புக் உங்களுக்குச் சமீபத்தில் அனுப்பிய பாதுகாப்பு மெயில்களின் பட்டியல் அங்கே இருக்கும். இதில் எங்கும் புகார் இல்லையென்றால் வந்தது போலிதான். அப்புறம் 24 மணி நேரம் என்ன, 24 நாள் கழிந்தாலும் ஒன்றும் ஆகாது. இந்த மாதிரி விதிமீறல் அறிவிப்பை யாரோ ஒரு ஆள் மெசஞ்சரில் வந்து பேசுவதுபோல ஃபேஸ்புக் அனுப்பாது.

சரி, மீன் பேஜ் தம்பிக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். சனிக்கிழமை சாயங்காலம் லிங்க்கைத் தொட்டார். நீல நிறத்தில், வழக்கு எண்ணெல்லாம் போட்டு ஒரு படிவம் வந்தது. முதலில் பெயர், மெயில், போன் நம்பர், பேஜ் பெயர், மேல்முறையீட்டுக்கான காரணம். காரணம் கேட்ட பெட்டியில் அவர் பொறுப்பாக நாலு வரி மன்னிப்பு எழுதியிருக்கிறார். இவ்வளவு எழுதிய பிறகு அடுத்த பக்கத்தில் பாஸ்வேர்டு கேட்டபோது அது ஒரு சம்பிரதாயம் போலத்தான் தெரிந்திருக்கிறது. போட்டார், தவறு என்று வந்தது, திரும்பவும் போட்டார். சரியான பாஸ்வேர்டைத் தவறு என்று சொல்வது இவர்கள் வழக்கம். தட்டச்சுப் பிழை இருந்தால் இரண்டாம் முறை சரியாகிவிடும், சிலர் "பழைய பாஸ்வேர்டா இருக்குமோ" என்று மெயில் பாஸ்வேர்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள்.

அப்புறம் 6 இலக்கக் குறியீடு கேட்டது, பக்கத்திலேயே நேரம் குறைந்துகொண்டே வரும் கடிகாரம். இரண்டடுக்குப் பாதுகாப்பு வைத்திருக்கிறோமே, என்ன ஆகிவிடும் என்று நினைப்பது மூன்றாவது தவறு. படிவத்தின் மறுபக்கம் ஒருவன் அதே நேரத்தில் அசல் ஃபேஸ்புக்கில் உங்கள் பாஸ்வேர்டைப் போட்டுக்கொண்டிருக்கிறான். அதனால்தான் உங்கள் போனுக்கு உண்மையான குறியீடே வருகிறது, அதனால்தான் கடிகாரமும். அந்தக் குறியீடு கொஞ்ச நேரம்தான் செல்லும், அதற்குள் அவனுக்கு வேண்டும். முதல் குறியீடு தவறு என்று சொல்லி இன்னொன்று கேட்டால், உள்ளே நுழைந்துவிட்டு வேறு எதையோ மாற்ற இரண்டாவது கேட்கிறான் என்று அர்த்தம். கடைசியில் அந்தப் படிவம் தம்பியை ஃபேஸ்புக்கின் உண்மையான உதவிப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டது, அவரும் வேலை முடிந்தது என்று படுத்துவிட்டார். காலையில் பார்த்தால் அவர் பேஜில் அவரே அட்மின் இல்லை. விளம்பரத்துக்காக யூபிஐயில் போட்டு வைத்திருந்த பணம் ஏதோ வெளிநாட்டுப் பொருளின் விளம்பரத்துக்குப் போயிருந்தது.

இதில் இன்னொரு வகையும் உண்டு. நீல டிக் தருகிறோம், கணக்கை உறுதி செய்கிறோம் என்று சொல்லி, கம்ப்யூட்டர் பிரவுசரில் `c_user`, `xs` என்ற இரண்டு மதிப்புகளை எடுத்து ஒட்டச் சொல்வார்கள், எப்படி எடுப்பது என்று வீடியோவும் தருவார்கள். நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்திருப்பதற்கான அத்தாட்சி அது. அதைக் கொடுத்துவிட்டால் பாஸ்வேர்டும் வேண்டாம், குறியீடும் வேண்டாம், நேராக உங்கள் கணக்குக்குள் உட்காருவான். அதை வெளியே எடுக்கச் சொல்லும் அசல் நடைமுறை எதுவும் கிடையாது.

போலித் தளத்தில் உண்மையாகவே வேலை செய்யாத ஒன்று பாஸ்கீ, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலாக விரல்ரேகையோ முகமோ போன் பூட்டோ காட்டி உள்ளே நுழையும் வசதி. அது அசல் `facebook.com` முகவரியோடு பிணைக்கப்பட்டது, வேறு தளத்தில் நீங்களே கொடுக்க நினைத்தாலும் போகாது. போனில் இந்த வசதி வந்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டை பிரவுசரில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு அடையாளம் கிடைக்கும்: எப்போதும் தானாக நிரம்பும் பெட்டி அன்றைக்கு காலியாக நின்றால், தளத்தின் முகவரி வேறு என்று பிரவுசர் கண்டுபிடித்துவிட்டது. அங்கே கையால் தட்டச்சு செய்யாதீர்கள்.

விவரத்தைக் கொடுத்துவிட்ட பிறகு பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்வது அடுத்த தவறு. நீங்கள் இன்னும் உள்ளே இருக்கும் போனை வெளியேற்றாமல் அதிலிருந்தே வேலையைத் தொடங்குங்கள். பாஸ்வேர்டை மாற்றி, Where you're logged in பட்டியலில் உங்களுடையது தவிர மற்ற எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். புதிதாக ஏதாவது மெயில், போன் நம்பர், குறியீடு தரும் ஆப் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள், பிறகு பேஜின் Page access பகுதியில் தெரியாத பெயர் இருந்தால் அதையும். இதில் ஒன்றை விட்டாலும் அவன் திரும்ப வர வழி இருக்கிறது. கணக்கே கையைவிட்டுப் போயிருந்தால் `facebook.com/hacked`. பணம் போயிருந்தால் உடனே 1930க்குக் கூப்பிடுங்கள், `cybercrime.gov.in` தளத்திலும் புகார் பதியுங்கள், கார்டு இணைத்திருந்தால் வங்கியில் சொல்லி முடக்குங்கள்.

முழு அதிகாரத்தோடு இன்னொரு அட்மின் இருப்பதும் உதவும், அது வீட்டில் நம்பகமான ஒருவராக இருக்கட்டும். தம்பியின் பேஜில் அவர் அக்காவுக்கு அந்த அதிகாரம் இருந்திருந்தால், அவர் தூங்கிய நேரத்தில் அக்காவுக்கு வந்த அறிவிப்பைப் பார்த்தே திருடனை நீக்கியிருக்கலாம். ஆனால் அந்த அக்காவும் இதே மாதிரி லிங்க்கைத் தொட்டுவிட்டால் அதுவும் திருடனுக்கு ஒரு கதவுதான், அதனால் வேலைக்கு வரும் பையன்களுக்கெல்லாம் முழு அதிகாரம் கொடுக்காதீர்கள், பதிவு போடும் அளவுக்குக் கொடுத்தால் போதும்.

பேஜ் பறிபோன சேதியைப் பதிவாகப் போட்டால் கமெண்டில் "நான் மீட்டுத் தருகிறேன், முன்பணம் அனுப்புங்கள்" என்று ஆட்கள் வருவார்கள். ஒருவருக்கும் பணம் அனுப்பாதீர்கள். வந்த செய்தி, லிங்க்கின் முழு முகவரி, அனுப்பிய கணக்கின் பெயர், பணம் போன விவரம் இவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு ரிப்போர்ட் செய்யுங்கள், ஏனென்றால் அந்தக் கணக்கு நீக்கப்பட்டுவிட்டால் உரையாடலை மறுபடி திறந்து காட்ட முடியாமல் போகலாம், சைபர் கிரைம் போலீஸ் முதலில் கேட்பது அதைத்தான்.