சாதாரண சைக்கிளில் ஹப் மோட்டார்: 36 வோல்ட்டா, 48 வோல்ட்டா, எந்தக் கன்ட்ரோலர்?

சைக்கிளை மின்சாரத்தில் ஓட்ட, சக்கரத்தின் நடுவில் உட்காரும் ஹப் மோட்டார் கிட் வாங்குகிறவர்கள் பலர் மோட்டாரின் வாட்டை மட்டும் பார்க்கிறார்கள். பேட்டரியையும், அதிலிருந்து மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரையும் விலை குறைவாகக் கிடைத்த இடத்தில் தனித்தனியாக வாங்கிப் பொருத்திவிட்டு, மேம்பாலம் ஏறும்போது வண்டி ஏன் நிற்கிறது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைத்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன். மாட்டுகிற வேலை அதைவிட எளிது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வண்டி: 26 அங்குலச் சக்கரம், கியர் இல்லாதது, இரும்பு ஃபிரேம். அலுவலகம் 12 கி.மீ. தூரம், போய்வர 24. வழியெல்லாம் சமதளம், நடுவில் ஒரு ரயில்வே மேம்பாலம். பின் சக்கரத்தில், உள்ளே பல்சக்கரங்கள் வைத்த 250 வாட் கியர் ஹப் மோட்டார். இந்தியாவில் 250 வாட், மணிக்கு 25 கி.மீ. என்ற வரம்புக்குள் இருந்தால் பதிவு எண் தேவையில்லை. அதனால் இந்த அளவிலேயே நிற்போம்.

படி 1: சக்கரத்தின் அளவு

கடையில் “26 அங்குலம்” என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். எம்.டி.பி. எனப்படும் மலைச் சைக்கிள் வகை 26 அங்குல ரிம்முக்கு டயர் உட்காரும் விட்டம் 559 மி.மீ. 26 x 1 3/8 என்று எழுதிய மெல்லிய டயருக்கு அது 590 மி.மீ. ஒன்றின் டயர் இன்னொன்றில் ஏறாது, பிரேக் கட்டையும் ரிம்மில் சரியாகப் படாது. உங்கள் டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பின் ஃபிரேமில் அச்சு உட்காரும் இரு பிளவுகளுக்கு நடுவே உள்ள உள் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

படி 2: வோல்ட்டேஜ்

மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்பதை முடிவு செய்வது வோல்ட். எவ்வளவு பலமாக இழுக்கும் என்பதை முடிவு செய்வது ஆம்பியர். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.07 மீட்டர் போகும். மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கு நிமிடத்துக்கு 200 சுற்று வேண்டும். 36 வோல்ட்டில், சுமை இல்லாமல் 260 சுற்று என்று குறித்த மோட்டார், ஆள் ஏறி உட்கார்ந்ததும் அந்த இடத்துக்கு இறங்கிவிடும். நம் பயணத்துக்கு அது போதும். அதே மோட்டாருக்கு 48 வோல்ட் கொடுத்தால் சுமையில்லா வேகம் 43 கி.மீ. வரை எகிறும். சாதாரண சைக்கிளின் பிரேக்கும் ஃபோர்க்கும் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல.

48 வோல்ட் யாருக்கு? கனமான சரக்கு ஏற்றுபவருக்கும், ஊட்டி, கொடைக்கானல் போன்ற ஏற்றத்தில் ஓட்டுபவருக்கும். ஒரே அளவு சக்திக்கு ஆம்பியர் குறைவதால் வயர் சூடாவது குறையும். ஆனால் அப்போது மோட்டார், கன்ட்ரோலர், சார்ஜர் எல்லாமே 48 வோல்ட்டாக வாங்க வேண்டும்.

படி 3: பேட்டரி

“36 வோல்ட்” என்பது பெயரளவு. 10 லித்தியம் அயான் செல்களை வரிசையில் கோத்த அந்த பேட்டரி முழு சார்ஜில் 42 வோல்ட் காட்டும், காலியாகும்போது 30-ஐ நெருங்கும். 48 வோல்ட் என்று விற்பது பெரும்பாலும் 13 செல். முழு சார்ஜில் 54.6 வோல்ட்.

லேசாக மிதித்துக்கொண்டே ஓட்டினால் கிலோமீட்டருக்கு 12 வாட்-மணி என்று கணக்கு வைக்கலாம். 24 கி.மீ.க்கு 288 ஆகிறது. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் 360 இருக்கும். ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் வைத்து வீடு வந்துவிடலாம். மிதிக்கவே மாட்டேன், கைப்பிடியில் திருகும் திராட்டில் மட்டும்தான் என்பவர் கிலோமீட்டருக்கு 15 என்று வைத்துக்கொண்டு 13 ஆம்பியர்-மணிக்குப் போவது நல்லது.

சார்ஜரில் ஏமாறாதீர்கள். லெட் ஆசிட் பேட்டரிக்கான 36 வோல்ட் சார்ஜர் 42-க்கு மேல் கொடுக்கும். இந்த பேட்டரிக்கு 42 வோல்ட் என்று எழுதிய லித்தியம் சார்ஜர்தான் வேண்டும்.

படி 4: கன்ட்ரோலர்

அதன் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மூன்றைப் பாருங்கள்: வோல்ட், அதிகபட்ச ஆம்பியர், குறைந்த வோல்ட்டில் துண்டிக்கும் அளவு. 36 வோல்ட் கன்ட்ரோலர் ஏறக்குறைய 31-இல் துண்டிக்கும், 48 வோல்ட்டுக்கு உரியது 41 அளவில். எனவே 48 வோல்ட் கன்ட்ரோலரில் 36 வோல்ட் பேட்டரியை மாட்டினால், முழு சார்ஜில் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு நின்றுவிடும். பேட்டரி மேல் தப்பே இருக்காது. மாற்றி, 36 வோல்ட் கன்ட்ரோலருக்கு 54.6 வோல்ட் கொடுத்தால் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் வெடிக்கலாம்.

நம் மோட்டாருக்கு 15 ஆம்பியர் கன்ட்ரோலர் சரி. சமதளத்தில் ஓடும்போது 7 ஆம்பியர் அளவில்தான் இழுக்கும், 15 என்பது கிளம்பும்போதும் ஏற்றத்திலும் மட்டும். 25 ஆம்பியர் போட்டால் இழுவை கூடும் என்பது உண்மை, ஆனால் ஹப்புக்குள் இருக்கும் நைலான் பல்சக்கரங்கள் அதைத் தாங்குவது சந்தேகம்.

பேட்டரிக்குள் இருந்து செல்களைக் காக்கும் பி.எம்.எஸ். போர்டு கொடுக்கும் ஆம்பியர், கன்ட்ரோலர் கேட்பதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 15-க்கு 20 ஆம்பியர் பி.எம்.எஸ். என்று கேட்டு வாங்குங்கள். விற்பவருக்கு அது தெரியவில்லை என்றால் வேறு கடை பார்ப்பேன்.

படி 5: மாட்டுதல்

பழைய சக்கரத்தைக் கழற்றி, டயர், டியூப், ஃப்ரீவீலை மோட்டார் சக்கரத்துக்கு மாற்றுங்கள். மோட்டார் அச்சு உருண்டையாக இராது, இருபுறமும் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டைப் பகுதி பிளவுக்குள் முழுதாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துச் சரிசெய்யுங்கள். அச்சு சுழலாமல் பிடிக்கும் பல் வைத்த வாஷரைப் போட்டு நட்டை இறுக்குங்கள். அச்சு வழுக்கிச் சுற்றினால் வயரை முறுக்கி அறுத்துவிடும். வயர் வெளிவரும் பக்கம் கீழ்நோக்கி இருக்கட்டும், மழைநீர் உள்ளே வழியாது.

படி 6: வயர் இணைப்பும் சோதனையும்

மஞ்சள், பச்சை, நீலம் என்ற மூன்று தடித்த வயர்கள் மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும். ஐந்து மெல்லிய வயர்கள், மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சாருடையவை. நிறத்துக்கு நிறம் சேருங்கள். பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் லீவரையும் விட்டுவிடாமல் இணையுங்கள். பேட்டரியைக் கடைசியில், சிவப்பு, கருப்பு மாறவில்லை என்று மல்டிமீட்டரில் பார்த்த பிறகு மாட்டுங்கள். மாட்டும்போது வரும் சின்னப் பொறி, கன்ட்ரோலரின் கெப்பாசிட்டர் நிரம்புவதால் வருவது.

பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, திராட்டிலை மெதுவாகத் திருப்புங்கள். கரகரவென்று உதறி, சுற்றாமல் நின்றால் மோட்டாரும் கன்ட்ரோலரும் வேறு வேறு தயாரிப்பாக இருந்து நிற வரிசை பொருந்தவில்லை என்று சந்தேகப்படலாம். ஹால் சென்சாரைச் சோதிக்க, மோட்டாரின் தடித்த வயர் மூன்றையும் கழற்றிவிட்டு, கன்ட்ரோலரை ஆன் செய்து, சக்கரத்தைப் பின்னோக்கிக் கையால் மெல்லச் சுற்றுங்கள். கியர் ஹப்பில் முன்னோக்கிச் சுற்றினால் உள்ளே மோட்டார் அசையாது. மஞ்சள், பச்சை, நீல ஹால் வயர் ஒவ்வொன்றிலும் கருப்பு வயரை வைத்துப் பார்த்தால் 0-வும் 5 வோல்ட்டும் மாறி மாறி வர வேண்டும்.

மேம்பாலத்தில் வண்டி நின்றால் உடனே பேட்டரி முனையில் மல்டிமீட்டரை வையுங்கள். ஒன்றும் இல்லாமல் பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்டினால் பி.எம்.எஸ். துண்டித்திருக்கிறது. 32, 33 வோல்ட் காட்டினால் துண்டித்தது கன்ட்ரோலர்: சார்ஜ் குறைந்திருந்தபோது ஏற்றத்தின் சுமையில் வோல்ட் ஒரு நொடி 31-க்குக் கீழே போயிருக்கும். முழு சார்ஜிலும் இப்படியே நடந்தால் செல்கள் பலவீனம். பேட்டரியை விற்றவரிடம் திருப்பிக் கொண்டுபோங்கள்.

முதல் ஓட்டத்தை உங்கள் தெருவுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, இறங்கியதும் அச்சு நட்டை மறுபடி ஸ்பேனர் போட்டு இறுக்கிப் பாருங்கள். புது வாஷர் அமுங்குவதால் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.