ஆத்தென்டிகேட்டர் கோடு தப்பு என்று வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

ஆத்தென்டிகேட்டர் ஆப் காட்டும் ஆறு இலக்க எண் இணையம் வழியாக வருவதில்லை. கியூஆர் கோடை ஸ்கேன் செய்தபோது பதிந்த ரகசியச் சாவியையும் போனின் நேரத்தையும் வைத்து, 30 விநாடிக்கு ஒருமுறை போனே அதைக் கணக்கிடுகிறது. சர்வரும் தன் நேரத்தை வைத்து அதே கணக்கைப் போடுகிறது. இரண்டும் பொருந்தினால்தான் உள்ளே போகலாம்.

பெரும்பாலான தளங்கள் முந்தைய எண்ணையும் அடுத்த எண்ணையும்கூட ஏற்கும். அதனால் சில விநாடி பிசகினால் பாதகமில்லை. இரண்டு நிமிடம் தள்ளிப்போனால் நான்கு எண்கள் தள்ளிப்போகும், அப்புறம் எத்தனை முறை போட்டாலும் தவறு என்றுதான் வரும். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபிக்கு இந்தச் சிக்கல் இல்லை, அதை அனுப்புவதே சர்வர்தான்.

அதிகம் மாட்டிக்கொள்வது வெளியூர்ப் பயணத்தில். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய், நேர மண்டலத்தை மாற்றாமல் கடிகாரத்தை மட்டும் கையால் இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளினால், பார்ப்பதற்கு நேரம் சரியாக இருக்கும். ஆனால் கணக்குக்கு எடுக்கும் உலகப் பொது நேரம் 300 எண்கள் முன்னே ஓடியிருக்கும். மண்டலத்தை மாற்றினால் அந்தப் பொது நேரம் மாறாது.

சரி, செட்டிங்ஸில் தேதி, நேரம் பகுதிக்குப் போய்த் தானியங்கி நேரம், தானியங்கி மண்டலம் இரண்டையும் ஆன் செய்யுங்கள். எவ்வளவு பிசகியிருக்கிறது என்று பார்க்க, பிரவுசரில் time.is திறந்தால் வித்தியாசத்தைக் காட்டிவிடும். திருத்தியதும் புது எண் வரும்வரை காத்திருந்து போடுங்கள். ஆப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள், சாவியும் சேர்ந்து போய்விடலாம்.