வளர்ச்சியைக் கூட்டினால் முதலீட்டையும் கூட்ட வேண்டும்: டெர்மினல் வேல்யூவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பம்ப் செட் தயாரிக்கும் ஒரு கம்பெனியை மதிப்பிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக நான் அமைத்த கணக்கு இது. எண்கள் எல்லாம் கோடி ரூபாயில். ஐந்தாம் வருடத்தில் வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் 200. அதில் 25% வரி போக 150. தேய்மானம் 40-ஐத் திரும்பக் கூட்டி, இயந்திரங்களுக்கான செலவு 60-ஐயும் நடைமுறை மூலதனத்தில் கூடுதலாக முடங்கிய 20-ஐயும் கழித்தால் 110 வருகிறது. கடன் கொடுத்தவர்களுக்கும் பங்குதாரர்களுக்கும் சேர்த்து மிஞ்சும் பணம் இதுதான். இதற்கு முந்தைய நான்கு வருடங்களில் 70, 80, 90, 100.

கடனும் பங்கும் சேர்ந்த மூலதனத்தின் சராசரிச் செலவு, அதாவது வாக், 11%. ஐந்தாம் வருடத்துக்குப் பிறகு என்றென்றைக்கும் 5% வளர்ச்சி. அப்படியானால் டெர்மினல் வேல்யூ, அதாவது ஐந்தாம் வருடத்துக்குப் பிறகு வரும் எல்லாப் பணத்துக்கும் சேர்த்த மதிப்பு, 110-ஐ 1.05-ஆல் பெருக்கி, 11%-ல் 5% போன 6%-ஆல் வகுத்தால் 1,925. இது ஐந்தாம் வருட முடிவில் நிற்கும் மதிப்பு. ஆறாம் வருடப் பணத்தை வைத்துக் கணக்கிட்டாலும் ஐந்து வருடங்களுக்குத்தான் தள்ளுபடி செய்ய, அதாவது வருடத்துக்கு 11% வீதம் இன்றைய மதிப்புக்குக் குறைக்க வேண்டும். ஆறு என்று போட்டுவிடுவது அடிக்கடி கண்ணில் படும் பிழை. சரியாகச் செய்தால் இன்றைய மதிப்பு 1,142. முதல் ஐந்து வருடப் பணத்தின் இன்றைய மதிப்பு 325. மொத்தம் 1,467.

மொத்த மதிப்பில் 78% டெர்மினல் வேல்யூவில் இருக்கிறது. அதனால் எல்லோரும் உடனே, அனுமானங்களை மாற்றினால் மதிப்பு எப்படி மாறும் என்று காட்டும் சென்சிடிவிட்டி டேபிள் போடுகிறார்கள். வளர்ச்சி 4% என்றால் மதிப்பு 1,295, 6% என்றால் 1,709 என்று வருகிறது. இந்த இடத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது.

வளர்ச்சியை 5%-லிருந்து 6%-க்கு உயர்த்தியபோது என்ன மாறியது? தொகுதியில் 1.05 என்பது 1.06 ஆனது, வகுக்கும் எண் சிறியதானது. ஆனால் லாபத்தில் தொழிலுக்குத் திரும்பப் போகும் பங்கு மாறவில்லை. 60-ஐயும் 20-ஐயும் கூட்டித் தேய்மானத்தைக் கழித்தால் வரும் 40, அதாவது 150-ல் கிட்டத்தட்ட 27%, அப்படியே நிற்கிறது. புது ஷெட் போடாமல், புது லேத் வாங்காமல், கூடுதல் சரக்கு வைக்காமல் இந்தக் கம்பெனி வேகமாக வளர்வதாக மாடல் சொல்கிறது. நீண்ட காலத்தில் வளர்ச்சி என்பது மறுமுதலீட்டு விகிதத்தையும், அந்தப் புது முதலீடு ஈட்டும் வருமான விகிதத்தையும் பெருக்கினால் வருவது. மறுமுதலீடு 27%-லேயே நிற்க, 4% வளர்ச்சி வேண்டுமென்றால் புது முதலீடு 15% ஈட்ட வேண்டும். 5%-க்கு 18.75%. 6%-க்கு 22.5%. டேபிளில் ஒரு எண்ணை மாற்றுவதாக நினைத்து, உண்மையில் இரண்டை மாற்றியிருக்கிறோம். இரண்டாவது எண் டேபிளில் எங்கும் தெரிவதில்லை.

இதைத் தவிர்க்க, பணப்புழக்கத்தை நேரடியாக வளர்க்காமல் வரிக்குப் பிந்தைய லாபத்திலிருந்து தொடங்கலாம்:

```
TV = NOPAT × (1 + g) × (1 − g / ROIC) / (WACC − g)
```

இதில் NOPAT என்பது நம் 150. ROIC என்பது புது முதலீட்டின் வருமானம். g / ROIC என்பது அந்த வளர்ச்சிக்குத் தேவையான மறுமுதலீட்டுப் பங்கு. புது முதலீடு 15% ஈட்டும் என்று நிறுத்திவைத்து அதே மூன்று வளர்ச்சி விகிதங்களையும் ஓட்டினால், மொத்த மதிப்பு 1,295, 1,363, 1,457 என்று வருகிறது. முன்பு 414 கோடியாக இருந்த இடைவெளி 162 ஆகச் சுருங்கிவிட்டது. 6% வளர்வதற்கு லாபத்தில் 40% தொழிலுக்குள் போயாக வேண்டும் என்பதைச் சூத்திரமே கணக்கில் எடுத்துக்கொண்டது.

இன்னும் ஒரு படி போகலாம். போட்டி கூடிப் புது முதலீட்டின் வருமானம் வாக் அளவுக்கே, 11%-க்கு, இறங்கிவிட்டது என்று வையுங்கள். அப்போது டெர்மினல் வேல்யூ, ஆறாம் வருட லாபத்தை 11%-ஆல் வகுப்பதோடு முடிந்துவிடுகிறது. 4% வளர்ச்சிக்கு 1,418, 6% வளர்ச்சிக்கு 1,445. வளர்ச்சி ஏறக்குறைய எதையும் சேர்க்கவில்லை. வருமானம் 9% என்றால் நிலைமை தலைகீழ்: 4% வளர்ச்சியில் 1,238 ஆக இருந்த டெர்மினல் வேல்யூ, 6% வளர்ச்சியில் 1,060 ஆகக் குறைகிறது. வளர வளர நஷ்டம். வழக்கமான டேபிளில் இந்தச் சாத்தியம் ஒருநாளும் தெரியாது; அதில் வளர்ச்சி கூடினால் மதிப்பு கூடிக்கொண்டேதான் போகும்.

அதனால் டேபிளின் ஒரு பக்கத்தில் வளர்ச்சிக்குப் பதிலாகப் புது முதலீட்டின் வருமானத்தை வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. 5% வளர்ச்சியை நிறுத்திவைத்து வருமானத்தை 11%, 15%, 18.75% என்று மாற்றினால் மதிப்பு 1,175, 1,363, 1,467. இந்தக் கம்பெனியின் போட்டிபோடும் வலு எவ்வளவு காலம் தாங்கும் என்ற கேள்வியை இது நேராக நம் முன் வைக்கிறது. விவாதிக்க வேண்டியதும் அதுதான்.

அடுத்த தவறு, டேபிளின் மூலைகளை நம்புவது. பழைய முறையிலேயே வாக் 10%, வளர்ச்சி 6% என்ற மூலையில் 2,144. வாக் 12%, வளர்ச்சி 4% என்ற எதிர் மூலையில் 1,128. நிகரக் கடன் 300 என்றால் பங்குதாரர்களின் மதிப்பு 828-லிருந்து 1,844 வரை, அதாவது இரண்டு மடங்குக்கும் மேல் விரிகிறது. கடன் மாறாமல் நிற்பதால் முழு ஏற்ற இறக்கமும் பங்கின் மேல் விழுகிறது. ஆனால் அந்த மூலைகள் நடக்கக்கூடியவையா? வாக்கிலும் வளர்ச்சியிலும் பணவீக்கம் ஒளிந்திருக்கிறது. பணவீக்கம் ஒரு சதவீதம் கூடினால் இரண்டுமே ஏறும், இறங்கினால் இரண்டுமே இறங்கும். ஒன்று ஏற மற்றது இறங்கும் மூலைக்கு வேறு காரணம் இருக்க வேண்டும். காரணம் சொல்ல முடியாவிட்டால் அந்தக் கட்டத்தை அறிக்கையில் போடக் கூடாது.

ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கு 4%. அது நீடித்தால், 5% வளர்ச்சி என்பது விலையேற்றம் போக ஒரு சதவீதம்தான். 5%-ஐப் பார்த்து அதிகம் என்று பயப்படுபவர்களும், 8% போட்டுவிட்டு இந்தியா வளர்கிறதே என்பவர்களும் இந்தக் கழித்தலைச் செய்து பார்க்கலாம். நிரந்தரம் என்றால் நிரந்தரம். நாட்டின் பொருளாதாரத்தைவிட வேகமாக ஒரு கம்பெனி என்றென்றைக்கும் வளர்ந்தால், ஒருநாள் நாட்டையே விழுங்கிவிடும். நீண்ட கால அரசுப் பத்திர வட்டியைத் தாண்டாத ஒரு வளர்ச்சி விகிதத்தை உச்சவரம்பாக வைத்துக்கொள்வது பலர் பின்பற்றும் வழி.

அப்புறம், எக்செல்லில் ஒரு எச்சரிக்கை. What-If Analysis-ல் இருக்கும் Data Table-க்குப் பக்கவாட்டிலும் மேலேயும் கொடுக்கும் விகிதங்களைக் கையால் தட்டச்சு செய்யுங்கள். மாடலின் உள்ளீட்டுச் செல்லோடு அவற்றை இணைத்தால், எக்செல் அந்தச் செல்லை மாற்றும்போது தலைப்பு எண்களும் கூடவே நகர்ந்து, பார்க்க ஒழுங்காகத் தெரியும் தப்பான எண்கள் வரும். கணக்கீட்டு முறை Automatic Except for Data Tables என்று இருந்தால் F9 அழுத்தும் வரை பழைய எண்களே நிற்கும். பழைய எண்கள் நிற்கின்றனவா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை: நடுக் கட்டத்தில் இருப்பது மாடலின் விடையோடு கடைசி ரூபாய் வரை ஒத்துப்போக வேண்டும்.